கிளினிக்கில் நிரப்பிய படிவம் ஃபேஸ்புக்குக்கு எப்படிப் போனது?

கல்யாணமாகி நாலைந்து வருடமான ஒரு பெண், ராத்திரி வீடே தூங்கிய பிறகு, குழந்தைப்பேறு சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையின் இணையதளத்தைத் தன் போனில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐவிஎஃப் சிகிச்சைக்கு என்ன செலவாகும் என்ற பக்கத்தைப் படிக்கிறார். அதற்குக் கீழே, ஆலோசனைக்கு அழைக்கிறோம் என்று சொல்லும் படிவத்தில் பெயரையும் மொபைல் எண்ணையும் போட்டு அனுப்பிவிடுகிறார். கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. மறுநாள் மாலை அதே போனை வாங்கி மாமியார் இன்ஸ்டாகிராமில் சமையல் ரீல்ஸ் பார்க்கிறார். ரசத்துக்கும் வத்தக்குழம்புக்கும் நடுவில் கருத்தரிப்பு மையத்தின் விளம்பரம் வருகிறது. சற்று நேரத்தில் இன்னொன்று.

இப்படி நடக்கும்போது நம் ஆட்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், ‘போன் ஒட்டுக்கேட்கிறது’ என்பது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இதைச் சோதித்தார்கள். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களை ஓடவிட்டுப் பார்த்ததில், எதுவும் திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சை வெளியே அனுப்பியதாகச் சான்று கிடைக்கவில்லை. சில ஆப்கள் திரையில் நடப்பதைப் படம்பிடித்து மூன்றாம் நிறுவனத்துக்கு அனுப்பியதுதான் சிக்கியது. நம் உதாரணத்தில் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சொன்னது அந்த மருத்துவமனையின் இணையதளம்.

எப்படிச் சொன்னது? விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் மெட்டா பிக்சல் என்ற சின்ன நிரலை ஒட்டிவைக்கின்றன. மெட்டா என்பது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் நிறுவனம். பிக்சலை அது இலவசமாகவே கொடுக்கிறது. அந்தத் தளத்தின் பக்கம் நம் போனில் திறந்ததும் நிரல் தானாக ஓடி, மெட்டாவின் கணினிக்கு ஒரு தகவல் அனுப்பும்: எந்தத் தளம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எந்த இணைய முகவரியிலிருந்து. பக்கத்தின் பெயரிலேயே ‘ஐவிஎஃப் செலவு’ என்று இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். படிவத்தை அனுப்பும் பட்டனைத் தொட்டால் இன்னொரு தகவல். தளத்தை வடிவமைத்தவர் அதற்கு எழுதியிருப்பது ஒரே வரி:

```
fbq('track', 'Lead');
```

‘வாடிக்கையாளர் ஆகக்கூடிய ஒருவர் கிடைத்துவிட்டார்’ என்பது அதற்கு அர்த்தம். பொருளைக் கூடையில் போட்டதற்கு ஒரு பெயர், பணம் கட்டியதற்கு ஒரு பெயர் என்று இதே மாதிரி இன்னும் சில உண்டு.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அவர் மருத்துவமனைத் தளத்தைப் பார்த்தது குரோமில். இன்ஸ்டாகிராம் தனி ஆப். இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெட்டாவுக்கு எப்படித் தெரிந்தது? அங்கேதான் மொபைல் எண் வேலை செய்கிறது. பிக்சலில் ஒரு வசதி இருக்கிறது. தளத்தின் உரிமையாளர் அதை இயக்கிவைத்தால், படிவத்தில் நாம் எழுதும் எண்ணையும் மின்னஞ்சலையும் நிரலே எடுத்து, எஸ்எச்ஏ-256 என்ற கணக்கின்படி 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறியாக மாற்றி அனுப்பும். குறியைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதே, அதனால் பாதுகாப்புதானே என்பார்கள். ஆனால் ஒரு எண்ணுக்கு எப்போதும் ஒரே குறிதான் வரும். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கும்போது அவர் கொடுத்த எண் மெட்டாவிடம் இருக்கிறது. அதற்கும் குறி போட்டு, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டால் ஆள் தெரிந்துவிடும். பத்து இலக்க இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். அப்படிப் பார்த்தால் மொத்தமே 400 கோடி எண்கள்தான். அத்தனைக்கும் குறி போட்டுப் பட்டியல் தயாரிப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. இப்படிக் குறியாக மாற்றிவிட்டதாலேயே தகவல் அநாமதேயம் ஆகிவிடாது என்று அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2024இல் வெளிப்படையாகவே எழுதியது.

ஆள் தெரிந்த பிறகு நடப்பது எளிது. ‘கடந்த 30 நாளில் செலவுப் பக்கத்தைப் பார்த்தும் படிவம் நிரப்பாதவர்களுக்கு இந்த விளம்பரத்தைக் காட்டு’ என்று மருத்துவமனை கேட்கலாம். 180 நாள் வரை பின்னோக்கிப் போகலாம். தங்களிடம் ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர்களின் எண்களைப் பட்டியலாக ஏற்றி, ‘இவர்களுக்குக் காட்டு’ எனலாம். ‘இவர்களைப் போலவே இருக்கிற வேறு ஆட்களைத் தேடிப் பிடி’ என்றும் சொல்லலாம். மருத்துவமனை தரும் பட்டியலில் உள்ள நூறு பேரை வைத்தே பல லட்சம் பேரை மெட்டா தேடித் தரும்.

சரி, படிவம் நிரப்பியது ஒரு மருத்துவமனையில், விளம்பரம் வந்தது வேறு மருத்துவமனையிலிருந்தும் அல்லவா? மெட்டா அந்தப் பெண்ணின் பெயரையோ எண்ணையோ இரண்டாவது மருத்துவமனைக்கு விற்கவில்லை. அதற்கு அவர் யாரென்றே தெரியாது. ஒவ்வொரு முறை நம் திரையில் விளம்பரத்துக்கு இடம் காலியாகும்போதும் ஒரு ஏலம் நடக்கிறது. விளம்பரதாரர் தரத் தயாராக இருக்கும் தொகை, இந்த ஆள் அதைத் தொடுவாரா என்ற கணிப்பு, விளம்பரத்தின் தரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து ஜெயிப்பவர் உள்ளே வருகிறார். செலவுப் பக்கம், படிவம் என்ற தகவல்கள் வந்து சேர்ந்ததும் இந்தப் பெண் கருத்தரிப்பு மைய விளம்பரத்தைத் தொடுவார் என்ற கணிப்பு ஏறிவிடுகிறது. எந்த மையம் பணம் கட்டியிருந்தாலும் அவர் கண்ணில் படும். தகவலை விற்காமலேயே அதைப் பயன்படுத்திச் சம்பாதிக்கும் தொழில் இது. ‘நாங்கள் உங்கள் தகவலை விற்பதில்லை’ என்று அவர்கள் சொல்வது உண்மைதான். அந்த வாக்கியம் நமக்குத் தரும் நிம்மதிதான் கொஞ்சம் அதிகம்.

உடல்நலம் பற்றிய தகவலை அனுப்பக் கூடாது என்று மெட்டா விதி வைத்திருக்கிறது. தவறி வந்தால் வடிகட்டுவதாகவும் சொல்கிறது. ஆனால் நிரலை ஒட்டுவது ஒவ்வொரு தளத்திலும் இருக்கிற ஆள். அவர் என்ன ஒட்டினார் என்பது பல நேரம் மருத்துவமனை நிர்வாகத்துக்கே தெரியாது. தி மார்க்கப் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2022 ஜூனில், நியூஸ்வீக் பத்திரிகை தரவரிசைப்படுத்திய முதல் 100 அமெரிக்க மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தது. அதில் 33 தளங்களில், டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் பட்டனைத் தொட்டவுடன் ஃபேஸ்புக்குக்குத் தகவல் போனது. சிலவற்றில் டாக்டரின் பெயரும் போனது. மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் என்ற நிறுவனம், வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் அவர்கள் ரகசியமென்று நம்பிச் சொன்ன விவரங்களையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக எஃப்டிசி குற்றம்சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு அந்த வழக்கு முடிந்தது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விளம்பரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நினைப்பவர்கள் நேராகப் போய் நிற்பது ‘விருப்பங்கள்’ பட்டியலில். கிரிக்கெட், பிரியாணி, கோயில் சுற்றுலா என்று நம்மைப் பற்றி மெட்டா எழுதிவைத்திருக்கும் தலைப்புகள் அவை. நாம் எதை லைக் செய்தோம், எந்த வீடியோவில் நின்றோம், எந்த விளம்பரத்தைத் தொட்டோம் என்பதிலிருந்து ஊகித்தவை. பியூ ஆய்வு மையம் 2019இல் அமெரிக்க ஃபேஸ்புக் பயனர்களிடம் கேட்டபோது, இப்படி ஒரு பட்டியல் இருப்பதே 74 சதவீதம் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. தங்களைப் பற்றி எழுதியிருப்பது பொருந்தவில்லை என்றவர்கள் 27 சதவீதம். பட்டியலைத் திருத்துவதில் தவறில்லை. ஆனால் அது இன்று இரண்டாம்பட்சம். மதம், உடல்நலம், அரசியல் சார்பு ஆகியவற்றைச் சுட்டும் தலைப்புகளை 2022 ஜனவரியில் மெட்டாவே எடுத்துவிட்டது. விளம்பரதாரர் ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்தாலும் பல நேரங்களில் அதை ஒரு யோசனையாக மட்டுமே எடுத்துக்கொண்டு, யாருக்குக் காட்டுவது என்பதைக் கணிப்பே முடிவுசெய்கிறது. அந்தக் கணிப்புக்குத் தீனி வெளியிலிருந்து வருகிறது. மூட வேண்டியது அந்த வழியை.

எவ்வளவு வருகிறது? அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 709 தன்னார்வலர்களை ஃபேஸ்புக்கிலிருந்து தங்கள் தகவல் கோப்பை இறக்கித் தரச் சொல்லி, 2024 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. ஒருவரைப் பற்றிச் சராசரியாக 2,230 நிறுவனங்கள் தகவல் அனுப்பியிருந்தன.

உங்களைப் பற்றிய பட்டியலை இப்போதே பார்க்கலாம். ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் ஆப்பில் செட்டிங்ஸுக்குப் போய் Accounts Center என்பதைத் திறக்க வேண்டும். உள்ளே Your information and permissions, அதற்குள் Your activity off Meta technologies. (பெயர்களையும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுவது இவர்கள் வழக்கம். கிடைக்கவில்லையென்றால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் off Meta என்று அடித்துப் பாருங்கள்.) பார்த்த கடைகள், உணவு ஆப், கடன் ஆப், விளையாட்டு ஆப் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் தொட்டால் எத்தனை முறை தகவல் வந்தது, எப்போது என்பது தெரியும். என்ன பார்த்தீர்கள் என்ற முழு விவரம் அங்கே இருக்காது. தகவல் கோப்பை இறக்கினால் ஒவ்வொரு வரியிலும் PAGE_VIEW, SEARCH, PURCHASE போன்ற வார்த்தைகளும் நேரமும் இருக்கும். எந்தப் பொருளை வாங்கினீர்கள் என்பது அதிலும் பெரும்பாலும் தெரியாது.

அதே பக்கத்தில் Clear previous activity என்பது பழையதைக் கணக்கிலிருந்து பிரித்துவிடும். அதோடு நிறுத்திவிட்டால் நாளையிலிருந்து மறுபடி சேர ஆரம்பிக்கும். Manage future activity என்பதற்குள் போய் Disconnect future activity என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுதாக நடைமுறைக்கு வர இரண்டு நாள் வரை ஆகலாம். ஒரு விலை உண்டு: வேறு ஆப்களில் ‘ஃபேஸ்புக் வழியாக உள்நுழை’ என்று பழகியிருந்தால் அந்த வழி அடைபடலாம். அந்த ஆப்களுக்குத் தனிக் கடவுச்சொல் வைத்துவிட்டு இதைச் செய்வது நல்லது. எல்லாவற்றையும் துண்டிக்க மனமில்லாதவர்கள் பட்டியலில் அந்த மருத்துவமனையை மட்டும் துண்டிக்கலாம்.

இதற்கு அடுத்தது Accounts Center உள்ளேயே இருக்கும் Ad preferences. அதில் Manage info என்பதற்குள் Activity information from ad partners என்று ஒன்று இருக்கும். வெளியிலிருந்து வரும் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கும். ‘வேண்டாம்’ என்ற பதிலைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் Audience-based advertising என்பதில், உங்கள் எண் உள்ள பட்டியலை ஏற்றிய நிறுவனங்களின் பெயர்கள் வரும். இதை மொத்தமாக அடைக்க வழியில்லை. ஒவ்வொரு பெயராகத் தொட்டு மறுக்க வேண்டும். அலுப்புத் தட்டும் வேலை. வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இதன் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். Disconnect என்று அழுத்திய பிறகும் மருத்துவமனைத் தளம் தகவல் அனுப்புவதை நிறுத்தாது. மெட்டாவும் வாங்காமல் இருக்காது. அதை உங்கள் கணக்கோடு சேர்த்துவைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். விளம்பரங்களின் எண்ணிக்கையும் குறையாது. கருத்தரிப்பு மையம் போய் ஊருக்குப் பொதுவான நகைக்கடை, மனை விற்பனை வரும். பலன் கிடைத்ததா என்று பார்க்க, சில நாள் கழித்து ஏதாவது ஒரு விளம்பரத்தின் மூன்று புள்ளிகளைத் தொட்டு Why you're seeing this ad என்பதைத் திறக்கலாம். வயது, ஊர், மொழி என்று மட்டும் சொன்னால் வேலை நடந்திருக்கிறது. நீங்கள் அந்தத் தளத்துக்குப் போனதாகவோ பட்டியலில் இருப்பதாகவோ சொன்னால், ஏதோ ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது.

அந்தப் பெண் மருத்துவமனையைத் தேடிக் கண்டுபிடித்தது கூகுளில் என்பதால் அங்கேயும் ஒரு சுவடு இருக்கும். யூடியூபிலும் பிற தளங்களிலும் துரத்தும் விளம்பரங்களுக்கு அது ஒரு காரணம். myadcenter.google.com என்ற முகவரியில் மேலேயே Personalized ads என்ற சுவிட்ச் இருக்கிறது. அதை அணைப்பதுதான் சுருக்கமான வழி. அணைக்க விரும்பாதவர்கள் Sensitive என்ற பகுதிக்குப் போகலாம். மது, சூதாட்டம், உடல் எடைக் குறைப்பு, வரன் தேடல் ஆகியவற்றோடு கர்ப்பமும் குழந்தை வளர்ப்பும் அங்கே ஒரு தலைப்பு. அதை அணைத்தால் அந்த வகை விளம்பரங்கள் குறையும். அறவே நிற்கும் என்று கூகுளே உறுதி தருவதில்லை. கருச்சிதைவுக்குப் பிறகும் பால்பவுடர் விளம்பரம் பார்க்க நேர்கிற பெண்களுக்கு இந்த ஒரு சுவிட்ச் பெரிய உதவி. தேடல் வரலாறு தனி. myactivity.google.com போய், 3 மாதத்துக்கு மேற்பட்டது தானாக அழியும்படி வைக்கலாம்.

போனுக்கென்றும் ஒரு விளம்பர அடையாள எண் உண்டு. வெவ்வேறு ஆப்களில் நடப்பதை ஒரே ஆளோடு சேர்க்க அது உதவுகிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் Google பகுதிக்குள் Ads என்பதைத் திறந்து Delete advertising ID என்பதைத் தொட்டால், கேட்கும் ஆப்களுக்கு வெறும் பூஜ்யங்கள் போகும். ஐபோனில் Privacy & Security உள்ளே Tracking பகுதியில் Allow Apps to Request to Track என்பதை அணைக்க வேண்டும். ஐபோனில் ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்டாக வேண்டும் என்று 2021 ஏப்ரலில் ஆப்பிள் கொண்டுவந்த விதியால் 2022இல் தங்கள் வருவாயில் சுமார் 1,000 கோடி டாலர் அடிபடும் என்று மெட்டாவின் நிதித் தலைவரே சொன்னார். இந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

‘இன்காக்னிட்டோவில் பார்த்தால் போதாதா?’ என்பார்கள். உங்கள் போனில் வரலாறு தங்காது; அதாவது மாமியார் பார்க்க மாட்டார். படிவத்தில் எண்ணை எழுதினால் இன்காக்னிட்டோ அதைத் தடுக்காது. 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்டது இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு போனில் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்களுக்கு, பிரவுசரில் ஓடும் பிக்சல் போனுக்குள்ளேயே ரகசியமாகத் தகவல் கொடுத்துவந்தது. அதனால் இன்காக்னிட்டோவில் பார்த்ததும் கணக்கோடு சேர வாய்ப்பிருந்தது. விஷயம் வெளியே வந்த அன்றே மெட்டா அதை நிறுத்திக்கொண்டது. இன்ஸ்டாகிராமில் வரும் லிங்க்கைத் தொட்டால் பக்கம் அந்த ஆப்புக்குள்ளேயே திறப்பதையும் கவனித்திருப்பீர்கள். அந்தரங்கமான எதையும் அங்கே படிக்காமல், மூன்று புள்ளிகளைத் தொட்டு வெளி பிரவுசரில் திறந்துகொள்ளலாம். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் இத்தகைய பின்தொடர்தலைக் குரோமைவிட அதிகம் தடுக்கின்றன.

இத்தனை சுவிட்சுகளையும் தாண்டி உள்ளே வருவது ஒன்றே ஒன்று: நாமே கொடுக்கும் மொபைல் எண். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். குழந்தைகளைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது 2027 மே. கடைகளைப் பொறுத்தவரை அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. பில் போட எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. துணிக்கடை கவுன்ட்டரில் ‘நம்பர் சொல்லுங்க மேடம்’ என்றால், ‘நம்பர் வேண்டாம்பா, அப்படியே பில் போடு’ என்று சொல்லலாம். கம்ப்யூட்டர் ஏற்காது என்று பையன் சொன்னால், சூபர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.